இருபது வினாடித் தண்ணீர்

அன்று காலை திட்ட அலுவலகத்தின் இரண்டாம் மாடிக் கூடத்தில் பதினான்கு பேர் இருந்தார்கள். நீள மேசைக்குப் பின்னால் நடு நாற்காலியில் திட்ட அதிகாரி அம்மாள். அவருக்கு வலப்பக்கம் பொறியாளர், இடப்பக்கம் குறிப்பெடுக்கும் எழுத்தர். முன்வரிசையில் வணிக வளாகம் கட்டப்போகும் நிறுவனத்தின் ஆட்கள் மூன்று பேர், ஒரே நிறக் கோப்புகளை மடியில் வைத்துக்கொண்டு. இரண்டாம் வரிசை காலி. மூன்றாம் வரிசையில், சுற்றாத மின்விசிறிக்குக் கீழே, பள்ளத் தெருக்காரர்கள் ஆறு பேர். அவர்களில் சன்னலை ஒட்டி உட்கார்ந்திருந்தவள் நத்தையின் அக்கா. கடைசியில் சுவரோரம், படம் காட்டும் இயந்திரத்தின் இரண்டு பக்கமும் இருவர். ஒருவன் நத்தை. இன்னொருவன் அவன் மனைவியின் தம்பி. நத்தை அவனை மச்சான் என்பான், அவன் நத்தையை மாமா என்பான்.

நத்தை என்ற பெயர் தொழிலால் வந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு படம் என்று மாதக்கணக்கில் எடுத்து, அவற்றை வரிசையாக ஓட்டி, ஒரு கட்டடம் எழுவதையோ ஒரு வயல் விளைவதையோ இரண்டு நிமிடத்தில் காட்டுவது அவன் வேலை. டைம்லாப்ஸ் என்று சொன்னால் புரியாதவர்களுக்கு அவன் இப்படித்தான் விளக்குவான். பதினாறு வருடமாக விளக்கி விளக்கி அலுத்துப் போய்விட்டது.

அன்றைய படம் பள்ளத் தெருவுக்குப் பின்னால் கிடக்கும் வெற்று மைதானத்தைப் பற்றியது. அதில் மார்பளவு மண் கொட்டி மேடாக்கி, மேலே வளாகம் கட்ட நிறுவனம் அனுமதி கேட்டிருந்தது. அலுவலகத்துக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் நிற்கிறதா? நிற்கிறது என்றால் முதலில் வடிகால் வெட்ட வேண்டும், பிறகுதான் மண். நிற்கவில்லை என்றால் நாளைக்கே மண் லாரி வரலாம். அப்படி வந்தால் மைதானத்தில் தேங்கும் தண்ணீர் போக்கிடமில்லாமல் தெருவுக்குள் ஏறும், தெருவில் முதலில் நனையும் வாசல் அக்காவுடையது. இதற்காகத்தான் அலுவலகம் எட்டு மாதப் படத்துக்கு நத்தையை நியமித்தது. மைதானம் முழுதாகத் தெரிகிற ஒரே மொட்டைமாடி அக்கா வீட்டுடையது என்பதால், கேமராப் பெட்டி அங்கே ஏறியது.

விளக்கை அணைத்தார்கள். முதலில் ஒரே ஒரு நாள். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை எழுபத்து மூன்று படம், மூன்று வினாடி. மைதானத்து ஓரத்தில் உயர்ந்து நிற்கும் தண்ணீர்த் தொட்டியின் நிழல் மைதானத்தின் மேல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கடிகார முள் போலச் சுற்றிப் படுத்தது. அடுத்து நடைப்படம். மைதானத்தைச் சுற்றிய சாலையில் அடிக்கு அடி கேமராவைத் தூக்கி வைத்து, ஒவ்வொரு தடவையும் தொட்டியின் உச்சி மூலையைக் கண்ணாடிக்குள் அதே கட்டத்தில் நிறுத்தி, முந்நூறு அடிக்கு முந்நூறு படம் எடுத்த ஹைப்பர்லாப்ஸ். தொட்டி அசையாமல் நிற்க, உலகம் அதைச் சுற்றி வழுக்கிக்கொண்டு போனது. பிறகு பருவம். வெடித்த தரை, பழுப்புப் புல், மேகம், மேகம், அப்புறம் பழுப்பு மெல்லக் கரைந்து பச்சையாகி மைதானம் முழுக்கப் புல் எழுந்தது.

முன்வரிசையில் யாரோ கைதட்டினார். எழுத்தரும் தட்டினார், பிறகு அதிகாரியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

விளக்கு வந்தது. பொறியாளர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்: "எட்டு மாசமும் பார்த்தாச்சு. ஈரம் இருக்கு, புல் முளைக்குது. தேக்கம்னு ஒண்ணும் தெரியலையே."

"ரோட்டுலயே நடந்து எடுத்திருக்காங்க சார். தண்ணி இருந்தா நடக்க முடியுமா?" என்றார் நிறுவனத்து ஆள்களில் மூத்தவர்.

அக்கா எழுந்தாள். கத்தவில்லை. அவள் குரல் அலுவலகத்தில் எப்போதும் இறங்கித்தான் வரும். "மேடம், என் மாமனாரை நாற்காலியோட தூக்கித்தான் அந்த ரோட்டைத் தாண்டினோம். முழங்காலுக்கு மேல தண்ணி. ஒரு மாசம்."

"படத்துல இல்லையேம்மா," என்றார் அதிகாரி. கேலியாக இல்லை, உண்மையிலேயே தேடுகிறவர் போலச் சொன்னார். "எழுத்து மூலமா ஆட்சேபம் இருந்தா அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள வந்து சேரணும். அதுக்கப்புறம் முடிவு எழுதிடுவோம்."

அக்கா திரும்பி, கடைசிச் சுவரோரம் நின்ற தம்பியைப் பார்த்தாள். நத்தை ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். நேரான ஒயரைத்தான் சுருட்டினான், சிக்கலாகத்தான் வந்தது.

படிக்கட்டில் அவள் அவனைப் பிடித்தாள்.

"எங்க தண்ணியை எங்கடா கொண்டுபோய் வச்ச?"

"அக்கா, நான் அந்த மாசம் ஊர்லயே இல்ல. அணைக்கட்டு வேலையில இருந்தேன்."

"நீ இல்ல. உன் பெட்டி இருந்துச்சில்ல? நான் போன் பண்ணி தண்ணி நிக்குதுன்னு சொன்னேன். நீ என்ன கேட்ட? 'கேமரா நனையலையே'ன்னு கேட்ட. தினமும் படியேறி அந்தக் கண்ணாடியைத் துடைச்சவ நான். வழுக்கி விழுந்து முட்டி பேந்துச்சு. எதுக்குடா துடைச்சேன்?"

அந்த மாதம் எங்கே போனது என்று படிக்கட்டில் நிற்கும்போதே அவனுக்கு விளங்கிவிட்டது. அக்கா இறங்கிப் போனாள். கைப்பிடியைப் பிடித்து, ஒரு காலை மட்டும் மடக்காமல் இறங்கினாள்.

நத்தையின் ஸ்டுடியோ ஒரு மருந்துக் கடைக்கு மேல் இருந்த ஒற்றை அறை. இரண்டு கணினி, அலமாரி நிறைய டிஸ்க், மூலையில் கால் உடைந்த மூன்று கேமரா முக்காலிகள். எதையும் தூக்கிப் போட மாட்டான் என்று மனைவி மூக்கால் அழுவாள். தூக்கிப் போட்டதென்னவோ ஒரு மாதத்தைத்தான்.

மச்சான் கணினியைத் திறந்தான். எட்டு மாதம், இருநூற்று நாற்பது நாள். திரையில் ஒரு நாளுக்கு ஒரு சிறு படம் என்று வரிசை வரிசையாக விரிந்தது. நூற்றுப் பதினோராம் நாள் வரை தெளிவு. நூற்றுப் பன்னிரண்டிலிருந்து நூற்று நாற்பத்து நான்கு வரை ஒவ்வொன்றின் மேலும் சிவப்புக் குறி. கழிவு என்று பொருள். குறி வைத்தது நத்தையே.

என்ன நடந்தது என்றால் இதுதான். கேமராப் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்கள் வைப்பது வழக்கம். மழைக்காலத்தில் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை அவற்றை மாற்ற வேண்டும். அவன் ஊரில் இல்லாததால் மாற்றவில்லை. பொட்டலங்கள் ஈரம் குடித்து நிறைந்துபோய், பெட்டிக் கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்தது. அக்கா துடைத்ததெல்லாம் வெளிப்புறம். முப்பத்து மூன்று நாளும் பால் ஊற்றியது போல மங்கல். நூற்று நாற்பத்து ஐந்தாம் நாள் அவன் வந்து பொட்டலத்தை மாற்றியபோது மைதானத்தில் சேறுதான் மிஞ்சியிருந்தது. மழை பெய்தால் சேறு இருக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டு இறங்கிவிட்டான்.

படம் தொகுக்கும்போது பதினாறு வருடப் பழக்கம் கையை நடத்தியது. மங்கலான படம் நடுவில் வந்தால் ஓட்டம் சிமிட்டும், சிமிட்டினால் வேலை கொடுத்தவர் முகம் சுளிப்பார். அவன் டீ குடித்துக்கொண்டே வரிசையின் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் தொட்டு, மொத்தத்தையும் சிவப்பாக்கினான். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒன்றைக்கூடப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. வெட்டிய இடம் துள்ளியது. மச்சான் அங்கே ஒரு டிசால்வ் போட்டுப் பழுப்பைப் பச்சையில் கரைத்தான். கைதட்டு வாங்கியது அந்த இடம்தான்.

"ஓட்டத்துக்கு ஒரு நாள்லேர்ந்து பதினஞ்சு படம்தான் சேர்த்தோம்," மச்சான் விரல்விட்டு எண்ணினான். "முப்பத்து மூணு நாளுக்கு நானூத்தித் தொண்ணூத்தஞ்சு. வினாடிக்கு இருபத்தஞ்சுன்னா… இருபது வினாடி மாமா. இருபது வினாடிதான் காணோம்."

"அக்காவுக்கு அது ஒரு மாசம்."

"நடைப்படம்?"

"அது இன்னும் மோசம். மழைக்கு முன்னாடி ஒரு தடவை, அப்புறம் ஒரு தடவை எடுத்தோம். தண்ணில முக்காலி வைக்க முடியுமா? ரோடு காஞ்சிருந்தாத்தான் அந்தப் படமே எடுக்க முடியும். அதைக் காட்டி ரோடு காஞ்சிருக்குன்னு சொல்றாங்க."

மச்சான் நாற்காலியைத் திருப்பினான். "சரி. இப்ப என்ன பண்ணணும்கிறீங்க? நம்ம வேலை படம் எடுக்கிறது. தண்ணி நின்னுச்சா இல்லையான்னு சாட்சி சொல்றது இல்ல. தப்பு நடந்துச்சுன்னு நாமளே எழுதிக் கொடுத்தா, அப்புறம் அந்த ஆபீஸ் வாசல்ல நம்மள நிக்க விடுவாங்களா? பாலம் வேலை நமக்குத்தான்னு வாய் வார்த்தை கொடுத்திருக்காங்க. ஏன் வலியப் போய்த் தலையைக் கொடுக்கிறீங்க?"

"தெரியல."

"தெரியாமலா கொடுப்பீங்க?"

"அலுப்பா இருக்கு மச்சான். பேசாம பழைய டிஸ்க்கை எடு."

மச்சான் எடுத்தான். முணுமுணுத்துக்கொண்டேதான் எடுத்தான். மூலப் படங்கள் அழியவில்லை. முப்பத்து மூன்று நாள், நாளுக்கு எழுபத்து மூன்று, ஆக இரண்டாயிரத்து நானூற்று ஒன்பது. நத்தை ஒவ்வொன்றாகத் திறந்தான். ஒரு நாளில் முடியவில்லை. மூன்று நாள், காலையில் கடை திறக்கும் நேரம் வந்து, கண் எரியும் வரை பார்த்து, போய் முகம் கழுவி, மறுபடி பார்த்தான்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. வெள்ளை, அதன் மேல் வெள்ளை. பிறகு கண் பழகியது. ஒளி அளவை மட்டும் கூட்டினால் மங்கலின் பின்னால் மைதானத்து நடுவில் நிற்கும் பம்ப் அறை எழுந்தது. பூச்சு இல்லாத செங்கல் சுவர். மழைக்கு முந்தைய தெளிவான படத்தில் தரைக்கு மேல் பதினெட்டு வரிசை செங்கல் எண்ணலாம். நூற்றுப் பதினான்காம் நாள் மதியம் எண்ணினான், பதினொன்று. கீழே ஏழு வரிசை இல்லை. அந்த இடத்தில் அதே சுவர் தலைகீழாக நடுங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர்.

"மச்சான், இங்க வா. எண்ணு."

மச்சான் திரையில் விரல் வைத்து எண்ணினான். "பதினொண்ணு." இன்னொரு தடவை எண்ணினான். "பதினொண்ணுதான்." பிறகு தன் கணினிக்குப் போய் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "நான் நூத்தி முப்பதுல இருந்து பார்க்கிறேன். நீங்க அதுவரைக்கும் பாருங்க," என்றான். பாலம் வேலையைப் பற்றி அதற்குப் பிறகு அவன் வாய் திறக்கவில்லை. கோபம் மட்டும் முதுகில் தெரிந்தது.

நூற்று இருபதாம் நாள் காலைப் படம் ஒன்றில் சாலை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பேர் எதையோ சுமந்துகொண்டு போனார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு படம் என்பதால் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அந்த ஒன்றில் மட்டும். நாற்காலியா, மூட்டையா, முகம் யாருடையது, எதுவும் தெரியவில்லை. தொடைவரை வெள்ளை. நத்தை அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போனான்.

கடைசியில் கணக்கு இப்படி வந்தது. பத்தொன்பது நாளில் செங்கல் எண்ண முடிந்தது. பதினான்கு நாளில் எவ்வளவு ஒளி கூட்டினாலும் பால்தான்.

புதன்கிழமை மாலை அக்கா ஸ்டுடியோவுக்கு வந்தாள். மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கியது. மச்சான் நாற்காலியை இழுத்துப் போட்டான். நத்தை புதிதாகத் தொகுத்ததை ஓட்டினான். வெடித்த தரை, பழுப்புப் புல், மேகம். அதன்பின் இருபது வினாடி வெள்ளை மங்கல், சிமிட்டிச் சிமிட்டி, ஒவ்வொரு படத்தின் மூலையிலும் தேதியும் மணியும். நடுநடுவே வெள்ளைக்குள் பம்ப் அறை முளைத்துக் குட்டையாகி, மறைந்து, மறுபடி முளைத்தது. பிறகு சேறு. பிறகு பச்சை. யாரும் இதற்குக் கைதட்ட மாட்டார்கள்.

அக்கா முழுதும் பார்த்தாள். "பாதி நாள் ஒண்ணுமே தெரியலையே."

"பதினாலு நாள் தெரியாது."

"தெரியுற நாளை எடுத்து நடுவுல போட்டு ரொப்பு. தண்ணி இருந்துச்சுதானே? இல்லாததையா காட்டச் சொல்றேன்?"

"முடியாதுக்கா."

"ஏன் முடியாது? எடுத்துப் போடத் தெரிஞ்சவனுக்கு எடுத்து வைக்கத் தெரியாதா?"

மச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டு சன்னல் பக்கம் போனான்.

"அக்கா, கேளு," என்றான் நத்தை. குரலில் சண்டை போடும் தெம்பு இல்லை. "ஒரு மாசத்தை எடுத்ததாலதான் இந்த வம்பு. இப்ப ஒரு நாளை ரெண்டு நாளா ஆக்கினேன்னு அந்தப் பொறியாளர் கண்டுபிடிச்சா, மிச்சப் பத்தொன்பது நாளும் போச்சு. படத்துக்குள்ளயே தேதி மணி எழுதியிருக்கும், அவங்க திறந்து பார்ப்பாங்க. கண்டுபிடிக்காட்டியும் நான் செய்ய மாட்டேன்."

"அப்ப பத்தொன்பது நாள் போதுமா?"

"போதுமான்னு எனக்குத் தெரியாது."

"எப்பப் பார்த்தாலும் தெரியாது, தெரியாது. சின்ன வயசுலேர்ந்து இதேதான். அம்மா குடத்தை உடைச்சது யாருன்னு கேட்டா, உடைஞ்சிருக்குன்னு சொல்லுவ."

மச்சான் சிரித்துவிட்டான். அக்காவும் சிரித்தாள் என்று சொல்ல முடியாது. உதடு ஒரு பக்கம் இழுத்தது. "அந்த நாற்காலி? நாங்க தூக்கிட்டுப் போனது? அது படத்துல விழுந்திருக்கா?"

அவன் நூற்று இருபதாம் நாள் படத்தைத் திறந்தான். அவள் முகத்தைத் திரைக்கு அருகில் கொண்டுபோனாள். "முன்னால போறது அவர். பின்னால நான். மாமனார் தலை தெரியுது பாரு."

அவனுக்குத் தலை தெரியவில்லை. "இருக்கும்," என்றான். "ஆனா லெட்டர்ல அதை எழுத மாட்டேன். ரெண்டு பேர் ரோட்டுல நடக்கிறாங்கன்னுதான் எழுதுவேன். நீதான்னு நீ எழுது. கீழ உன் பேர்ல தனியா எழுதி, கையெழுத்துப் போடு."

அவள் திரையிலிருந்து நிமிர்ந்தாள். "பேனா கொடு," என்றாள்.

கடிதத்தை அவன் கையால்தான் எழுதினான். சிறுவயதில் பள்ளிக்கூடத்தில் விண்ணப்பக் கடிதம் எழுதப் பழக்கிய முறை இன்னும் கையில் இருந்தது: அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, பிறகு பத்திகளுக்கு எண். இரண்டு தாள் கிழிந்தன. மூன்றாவது நின்றது.

"ஐயா/அம்மையீர்,

1. தங்கள் கூட்டத்தில் காட்டப்பட்ட படத்தில் நூற்றுப் பன்னிரண்டாம் நாள் முதல் நூற்று நாற்பத்து நான்காம் நாள் வரையுள்ள முப்பத்து மூன்று நாள்கள் இடம்பெறவில்லை. அவற்றை நீக்கியவன் நான். கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்து படங்கள் மங்கியிருந்ததால், உள்ளே இருப்பதைப் பாராமல் நீக்கிவிட்டேன். நீக்கியதைத் தங்களுக்குத் தெரிவிக்கவும் இல்லை. பழுப்பு நிலம் நேராகப் பச்சையாவதாகத் தெரிவது, அந்த இடைவெளியை மறைக்கச் செய்த கலப்பினால்.

2. நடைப்படங்கள் இரண்டும் சாலை காய்ந்திருந்த நாள்களில் எடுக்கப்பட்டவை. சாலையில் தண்ணீர் நின்றால் அவ்வகைப் படம் எடுக்க இயலாது. எனவே சாலை எக்காலமும் காய்ந்திருக்கும் என்பதற்கு அவை ஆதாரமாகா.

3. நீக்கிய படங்கள் 2409-ஐயும் எந்தத் திருத்தமும் இன்றி இத்துடன் அனுப்புகிறேன். ஒளி கூட்டிய பிரதிகள் இணைத்துள்ள பென்டிரைவிலேயே தனிக் கோப்புறையில். கேமராவின் கடிகாரம் உண்மை நேரத்துக்கு மூன்று நிமிடம் பின்தங்கியிருந்தது.

4. பத்தொன்பது நாள்களில் பம்ப் அறைச் சுவரின் கீழ்வரிசைகள் தண்ணீரில் மூழ்கியிருப்பதை எண்ண முடிகிறது; பட்டியல் இணைப்பு. அதிக அளவு ஏழு வரிசை. ஒரு வரிசையின் உயரத்தைத் தங்கள் பொறியாளர் நேரில் அளந்துகொள்ளலாம். நூற்று இருபதாம் நாள் படம் ஒன்றில் இருவர் சாலையில் நடப்பது தெரிகிறது; முகம் தெரியவில்லை. மீதிப் பதினான்கு நாள்களில் தண்ணீர் இருந்ததா இல்லையா என்பதை இப்படங்களிலிருந்து சொல்ல முடியாது."

அதன் கீழ் அக்காவின் எழுத்து, சற்றுப் பெரிதாக, வலப்பக்கம் சரிந்து: அந்த முப்பத்து மூன்று நாளும் நான் மொட்டைமாடிக்கு ஏறினேன். தண்ணீர் இருந்தது. நூற்று இருபதாம் நாள் சாலையில் போவது நானும் என் கணவரும், நாற்காலியில் என் மாமனார்.

நத்தை அதை வாசித்தான். திருத்த ஒன்றும் இல்லை.

"முதல் பத்தியில 'அவற்றை நீக்கியவன் நான்'னு இருக்கு," என்றான் மச்சான், தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து. "டிசால்வ் போட்டது நான். 'நாங்கள்'னு போடுங்க."

"சிவப்புக் குறி நான் வச்சது."

"கரைச்சது நான். போடுங்க மாமா. இல்லன்னா மறுபடி ஒரு தாள் கிழியும், அலுப்பு உங்களுக்குத்தான்."

அவன் 'நான்' என்பதை அடித்து 'நாங்கள்' என்றும், 'நீக்கியவன்' என்பதை 'நீக்கியவர்கள்' என்றும், 'நீக்கிவிட்டேன்' என்பதை 'நீக்கிவிட்டோம்' என்றும் மாற்றி, ஓரத்தில் திருத்தத்துக்குச் சுருக்கொப்பம் இட்டான். அடித்தல் திருத்தல் இருக்கும் தாளை அனுப்ப அவனுக்கு மனம் வரவில்லை. ஆனால் இன்னொரு தடவை எழுதக் கை வரவில்லை. மச்சான் கீழே கையெழுத்துப் போட்டான்.

வியாழக்கிழமை காலை அஞ்சலகம் திறந்ததும் நத்தை போய் நின்றான். அவனுக்கு முன்னால் நான்கு பேர். முறை வந்தபோது சாளரத்துப் பெண் நிமிராமலே கேட்டாள்: "உள்ள என்ன?"

"லெட்டர். ஒரு பென்டிரைவ்."

"பதிவுத் தபாலா?"

"ஆமா. நாளைக்குள்ள போய்ச் சேரணும்."

"உள்ளூர்தானே, சேர்ந்துடும். இன்னும் ஒட்டலையே நீங்க."

அவன் ஓரமாக ஒதுங்கினான். உறைக்குள் எட்டிப் பார்த்தான்: மடித்த கடிதம், பட்டியல், துணியில் சுற்றிய பென்டிரைவ். மேசைமேல் இருந்த பசைக் குப்பியின் தூரிகை காய்ந்து கட்டியாக இருந்தது. அதைத் தேய்த்துத் தேய்த்து ஓரம் முழுக்கப் பூசி, மடிப்பை மடக்கி, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒட்டியது. மறுபடி வரிசையில் நின்று உறையை நீட்டினான். அந்தப் பெண் அதை நிறுத்துப் பார்த்து, எண் ஒட்டி, முத்திரையை இரண்டு தடவை குத்தி, பின்னால் இருந்த பைக்குள் போட்டாள்.